அப்ஸ்ட்ராக்ட் 200 வார்த்தைக்குள்ள அடங்கலையா, இல்ல அடங்கியும் வேலை செய்யலையா? அறிகுறி பாத்து சரி பண்றது எப்படி

ஜூனியர்ஸ் அனுப்புற அப்ஸ்ட்ராக்ட்ட திருத்திக் குடுக்குறது எனக்கு வழக்கமான வேலை ஆயிடுச்சு, திருத்தத் திருத்த ஒன்னு தெளிவா தெரிஞ்சுது, எல்லார்கிட்டயும் வர்ற கோளாறு சுத்தி சுத்தி அதே நாலுதான். அதனால உங்களுக்கு எந்த அறிகுறி இருக்கோ நேரா அந்தத் தலைப்புக்கு போயிடுங்க. ஒவ்வொன்னுலயும் அஞ்சு நிமிஷத்துல சரி பண்ற காரணத்த முதல்லயும், பேப்பரையே தொட வேண்டிய காரணத்த கடைசிலயும் வச்சிருக்கேன்.

எல்லா அறிகுறிக்கும் ஒரே உதாரணம்தான் எடுத்துக்குறேன், அப்பதான் தொடர்ச்சியா புரியும். இது நான் கற்பனையா வச்சுக்கிட்ட ஆய்வு, நம்பர் எல்லாம் உதாரணத்துக்காக போட்டது. விலை குறைஞ்ச மண் ஈரப்பத சென்சார் இருக்குல்ல, அது மண்ணு சூடானா ஈரம் மாறாமலே ரீடிங்க மாத்திக் காட்டும், அதுக்கு வெப்பநிலைய வச்சு ஒரு திருத்தம் போட்டா பிழை எவ்வளவு குறையுதுன்னு பாக்குற ஆய்வு.

## எந்த அறிகுறியா இருந்தாலும் முதல்ல செய்ய வேண்டிய சோதனை

அப்ஸ்ட்ராக்ட்ட எடுத்து ஒவ்வொரு வாக்கியத்தையும் தனித்தனி வரியா உடைங்க. ஒவ்வொரு வரி முன்னாடியும் பி, மெ, ரி, மு இதுல ஒரு எழுத்து போடுங்க: பிரச்சனை, மெத்தட், ரிசல்ட், முக்கியத்துவம். எதுலயும் சேராத வரிக்கு ஒரு கேள்விக்குறி. அப்புறம் ஒவ்வொரு எழுத்துக்கும் மொத்தம் எத்தன வார்த்தை போயிருக்குன்னு கூட்டுங்க.

இங்கிலீஷ்ல எழுதுற அப்ஸ்ட்ராக்ட்டுக்கு நான் வச்சிருக்குற கணக்கு இது: பிரச்சனைக்கு 40 வார்த்தை, மெத்தடுக்கு 50, ரிசல்ட்டுக்கு 65, முக்கியத்துவத்துக்கு 30. மொத்தம் 185, மீதி 15 கைல இருக்கட்டும், ஏன்னா கடைசி நேரத்துல கைடு ஒரு வாக்கியம் சேக்கச் சொல்லுவாங்க. தமிழ்ல எழுதுனா வேற்றுமை உருபெல்லாம் சொல்லோடயே ஒட்டிக்கிறதால அதே விஷயம் இன்னும் கம்மி வார்த்தைல முடிஞ்சிடும், ஆனா நாலு பங்குக்கும் இடையில இருக்குற விகிதம் மாறாது. ரிசல்ட்டுக்குதான் பெரிய பங்கு, அத மட்டும் விட்டுக்குடுக்காதீங்க.

வார்த்தைய எண்றதுக்கு தனி டெக்ஸ்ட் ஃபைல்ல போட்டு எண்ணுங்க. லேடெக்ஸ்ல எழுதுறவங்க ரெண்டாவது வரிய யூஸ் பண்ணுங்க, கட்டளைகள எடுத்துட்டு எண்ணும்.

```
wc -w abstract.txt
detex abstract.tex | wc -w
```

இது இடைவெளிய வச்சுதான் எண்ணும். சப்மிஷன் ஃபார்ம்ல இருக்குற கவுன்ட்டர் ஹைஃபன் போட்ட சொல்ல ரெண்டா எண்ணலாம், அதனால ரெண்டு எண்ணும் ஒன்னாவே வரும்னு நம்பாதீங்க. சில இடத்துல வார்த்தைக்கு பதிலா எழுத்துக்குதான் வரம்பு, ஆர்கைவ் தளத்துல 1920 எழுத்து. எங்க அனுப்பப் போறீங்களோ அந்த விதிய படிச்சுட்டு அப்புறம் வெட்ட ஆரம்பிங்க.

## அறிகுறி 1: எவ்வளவு வெட்டுனாலும் 260, 280-லயே நிக்குது

### முதல் காரணம்: ஆரம்பம் ரொம்ப தூரத்துல இருந்து வருது

முக்கால்வாசி கேஸ் இதுதான். பி போட்ட வரிகள மட்டும் படிங்க. உதாரண ஆய்வுக்கு முதல் டிராஃப்ட் இப்படித்தான் வரும்:

> விவசாயம் மனித வாழ்வின் அடிப்படை. நீர் வளம் உலகெங்கும் குறைந்து வருகிறது. எனவே நீரைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் தொழில்நுட்பங்கள் அவசியமாகின்றன. அவற்றுள் மண் ஈரப்பத சென்சார்கள் முக்கிய இடம் வகிக்கின்றன. பல்வேறு ஆய்வாளர்கள் இவற்றைப் பற்றி ஆராய்ந்துள்ளனர்.

அஞ்சு வாக்கியம் போயிடுச்சு, என்ன பிரச்சனைன்னு இன்னும் ஒரு சொல்லு வரல. இதுக்கு ஒரு சோதனை இருக்கு. ஒவ்வொரு வாக்கியமா எடுத்து, இத உங்க துறைல இருக்குற வேற பத்து பேப்பர்லயும் அப்படியே ஒட்ட முடியுமான்னு பாருங்க. ஒட்ட முடிஞ்சா அது உங்க வாக்கியம் இல்ல, எடுத்துடுங்க. மேல இருக்குற அஞ்சும் போயிடும். அதுக்கு பதிலா எதாவது ஒன்னு தப்பா நடக்குது, அதனால இன்ன பாதிப்பு வருதுன்னு நேரா ஆரம்பிங்க:

> விலை குறைந்த மண் ஈரப்பத சென்சார்களின் அளவீடு மண்ணின் வெப்பநிலையோடு சேர்ந்து மாறுகிறது. இதனால் மண்ணின் ஈரம் மாறாதபோதும் தானியங்கிப் பாசன அமைப்புகள் தவறான நேரத்தில் நீரைத் திறக்கின்றன.

பின்னணி போயிடுச்சேன்னு கவலப்படாதீங்க, அதுக்குதான் முன்னுரைன்னு தனி பகுதி இருக்கு.

### ரெண்டாவது காரணம்: பேப்பர் எப்படி அமைஞ்சிருக்குன்னு சொல்ற வரிகள்

"இக்கட்டுரையில் முதலில் சென்சாரின் செயல்பாடு விளக்கப்படுகிறது, பின்னர் சோதனை அமைப்பு விவரிக்கப்படுகிறது, இறுதியாக முடிவுகள் விவாதிக்கப்படுகின்றன." இந்த மாதிரி வரிதான் கேள்விக்குறி வாங்குற வரி. இது பொருளடக்கம், கண்டுபிடிச்சது எதுவும் இதுல இல்ல, மொத்தமா தூக்கிடுங்க. கூடவே "குறிப்பிடத்தக்கது என்னவெனில்", "இந்த ஆய்வின் நோக்கம் என்னவென்றால்" மாதிரி வாக்கியத்தோட தலைல உக்காந்திருக்குற சொற்களையும் எடுங்க. இந்த ரெண்டு காரணத்துலயே பெரும்பாலும் வரம்புக்குள்ள வந்துடும்.

### மூணாவது காரணம்: மெத்தட் முழுசா உள்ள வந்துடுச்சு

மெ வரிகள் 80 வார்த்தைய தாண்டுச்சுன்னா இதுதான். எத வைக்கணும் எத எடுக்கணும்னு குழப்பமா இருந்தா ஒரே கேள்வி கேளுங்க: இந்த விவரம் மாறியிருந்தா, வாசகர் என் ரிசல்ட்ட நம்புற அளவு மாறுமா? நம்ம உதாரணத்துல 12 சென்சார்ல சோதிச்சதா வச்சுக்குவோம், அந்த 12-ங்கிறது இருக்கணும், 2 சென்சார்ல பண்ணியிருந்தா யாரும் இவ்வளவு நம்ப மாட்டாங்க. வெப்பநிலை 10-ல இருந்து 40 டிகிரி வரைக்கும்ங்கிறது இருக்கணும், ரிசல்ட்டோட எல்லையே அதுதான். எத வச்சு ஒப்பிட்டீங்கங்கிறது கட்டாயம் இருக்கணும், மண்ண 105 டிகிரில 24 மணி நேரம் உலர்த்தி எடை போட்டதுன்னு சொன்னா படிக்கிறவங்க உடனே ஒத்துக்குவாங்க. ஆனா மைக்ரோகன்ட்ரோலர் மாடல், சாம்பிளிங் இடைவெளி, எந்த சாஃப்ட்வேர்ல கணக்கு போட்டீங்க, தொட்டியோட விட்டம், இதெல்லாம் உள்ள மெத்தட் பகுதிக்குப் போகட்டும்.

### நாலாவது காரணம், இதுதான் செலவு அதிகம்: ஒரே பேப்பர்ல ரெண்டு பேப்பர் இருக்கு

மேல சொன்ன மூணும் பண்ணியும் 240-க்கு கீழ இறங்கலன்னா, ரி வரிகள பாருங்க. ரிசல்ட்டுகள் ஒரே கேள்விக்கு பதிலா இருக்கா, இல்ல ரெண்டு கேள்விக்கா? வெப்பநிலைத் திருத்தமும் சொல்லி, கூடவே பேட்டரி எத்தன நாள் தாங்குதுன்னும் சொல்லியிருந்தா, ரெண்டுக்கும் தனித்தனியா பிரச்சனை, மெத்தட், ரிசல்ட் தேவைப்படும், அப்ப எப்படி அடங்கும். இத வார்த்தைய வெட்டி சரி பண்ண முடியாது.

இங்க யார கூப்பிடணும்: கைடையோ சக ஆசிரியர்களையோ. எது முதன்மை ரிசல்ட்டுன்னு அவங்களோட உக்காந்து முடிவு பண்ணுங்க. துணை ரிசல்ட்ட அப்ஸ்ட்ராக்ட்ல இருந்து எடுத்துட்டு பேப்பருக்குள்ள மட்டும் வச்சுக்கலாமா, இல்ல பிரிச்சு வேற பேப்பரா போடணுமாங்கிற முடிவ தனியா எடுக்காதீங்க, ஆசிரியர் வரிசை வரைக்கும் போற விஷயம் அது.

## அறிகுறி 2: வார்த்தை எண்ணிக்கை சரி, ஆனா "என்னதான் கண்டுபிடிச்சீங்க"ன்னு கேக்குறாங்க

நாலுல இதுதான் ரொம்ப ஆபத்தான கோளாறு, ஏன்னா எழுதுனவங்க கண்ணுக்கு இது தெரியவே தெரியாது. உங்களுக்கு ரிசல்ட் மனசுல இருக்கு, அதனால பேப்பர்ல இல்லன்னாலும் இருக்குற மாதிரியே படிப்பீங்க.

சோதனை: ரி வரிகள மட்டும் தனியா ஒரு ஃபைல்ல ஒட்டி, உங்க ஆய்வ பத்தி தெரியாத ஒருத்தர்கிட்ட குடுங்க. எது, எவ்வளவு, எதோட ஒப்பிட்டா, இந்த மூணையும் அவங்க திருப்பிச் சொல்லணும். சொல்ல முடியலன்னா கீழ பாருங்க.

### முதல் காரணம்: ரிசல்ட் இருக்குன்னு சொல்றீங்க, ரிசல்ட்ட சொல்லல

"திருத்தத்தின் விளைவு ஆராயப்பட்டது", "முடிவுகள் ஊக்கமளிப்பதாக உள்ளன". இது ரெண்டும் நீங்க ஒரு வேலை செஞ்சீங்கன்னு மட்டும்தான் சொல்லுது. வினைச்சொல்ல மாத்துனா பாதி சரியாயிடும். ஆராயப்பட்டது, விவாதிக்கப்பட்டதுன்னு இருக்குற இடத்துல குறைந்தது, கூடியது, மாறவில்லை, முன்னதாக நிகழ்ந்ததுன்னு எழுதிப் பாருங்க, அந்த வினை உடனே எவ்வளவுன்னு உங்களையே கேக்கும்.

### ரெண்டாவது காரணம்: நம்பர் இருக்கு, அடிப்படை இல்ல

"பிழை 62 சதவீதம் குறைந்தது." கேக்க நல்லாருக்கு, ஆனா எதுல இருந்து எதுக்கு? 6.1-ல இருந்து 2.3-க்கு வந்தாலும் 62 சதவீதம்தான், 0.61-ல இருந்து 0.23-க்கு வந்தாலும் 62-தான், ரெண்டாவது கேஸ்ல திருத்தமே தேவையில்லன்னு பாசன ஆளு சொல்லிடுவாரு. அதனால ரெண்டு முனையையும் சொல்லுங்க, அலகோட: "சராசரிப் பிழை 6.1 சதவீதப் புள்ளியிலிருந்து 2.3 சதவீதப் புள்ளியாகக் குறைந்தது." நாலஞ்சு வார்த்தை அதிகமாகும், ஆகட்டும், ரிசல்ட்டுக்கு 65 ஒதுக்குனதே இதுக்காகத்தான்.

இன்னொன்னு, எல்லா நம்பரையும் கொட்டாதீங்க. ஒரு முதன்மை நம்பர், அது எத்தன கேஸ்ல நடந்துச்சுங்கிற நம்பர் ஒன்னு, எங்க நடக்கலங்கிறது ஒன்னு. மூணு போதும்.

### மூணாவது காரணம்: நடக்காதத மறைச்சிட்டீங்க

12 சென்சார்ல 10-லதான் பிழை குறைஞ்சுது, மீதி 2-ல மாற்றமே இல்ல, அதோட 35 டிகிரிக்கு மேல திருத்தம் சரியா வேலை செய்யல. இத சொல்லாம விட்டா அப்ஸ்ட்ராக்ட் பளிச்சுன்னு இருக்கும், ஆனா நிறைய பேர் அப்ஸ்ட்ராக்ட்ட மட்டும்தான் படிக்கிறாங்க, அவங்க 40 டிகிரி வெயில்ல இத மாட்டி வச்சு ஏமாந்து போவாங்க. ரிவ்யூவரும் உள்ள இருக்குற அட்டவணைய பாத்துட்டு திரும்ப இங்க வந்து பாப்பாங்க. ஒரே வாக்கியத்துல சொல்லிடலாம், அந்த ஒரு வாக்கியம் மத்த வாக்கியங்களயும் நம்ப வைக்கும்.

### நாலாவது காரணம்: ரிசல்ட் இன்னும் வரல

மாநாட்டு கடைசி தேதி வந்துடுச்சு, சோதனை முடியல, அதனால வாக்கியம் எல்லாம் பூசி மெழுகின மாதிரி வருது. இத மொழிய வச்சு மூட முயற்சி பண்ணாதீங்க. பாதி வேலை முடிஞ்சிருந்தா "முதல் 6 சென்சார்களில்"னு எல்லைய போட்டு, வந்தத மட்டும் எழுதுங்க. எதிர்பார்க்குறத வந்த மாதிரி எழுதவே கூடாது, பின்னாடி டேட்டா வேற மாதிரி வந்தா அச்சுல போன அப்ஸ்ட்ராக்ட்ட திருப்பி எடுக்க முடியாது.

இங்க யார கூப்பிடணும்: ரிசல்ட் இல்லாத அப்ஸ்ட்ராக்ட்ட ஏத்துக்குவாங்களான்னு மாநாட்டு ஒருங்கிணைப்பாளர்கிட்ட மெயில் போட்டு கேட்டுடுங்க, சில இடத்துல நடந்துகிட்டிருக்குற ஆய்வுக்குன்னே தனிப் பிரிவு இருக்கும். நம்பர் இருக்கு ஆனா அது நிஜ வித்தியாசமா தற்செயலான்னு சொல்லத் தெரியலன்னா அது புள்ளியியல் தெரிஞ்சவங்க பாக்க வேண்டிய வேலை, அப்ஸ்ட்ராக்ட்ட நிறுத்தி வச்சுட்டு அவங்ககிட்ட டேட்டாவோட போங்க.

## அறிகுறி 3: படிச்சுட்டு "சரி, அதனால என்ன"ன்னு நிறுத்திடுறாங்க

கடைசி வாக்கியம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "இந்த ஆய்வு எதிர்கால ஆய்வாளர்களுக்குப் பெரிதும் பயன்படும்." மு போட்ட வரி இது மட்டும்தான்னா கோளாறு உறுதி.

### முதல் காரணம்: யாருக்கு, என்ன மாறும்னு சொல்லல

உங்க ரிசல்ட் உண்மைன்னா யாரோ ஒருத்தர் நாளைக்கு ஒரு வேலைய வேற மாதிரி செய்யணும். அந்த ஆள் யாரு, அந்த வேலை எதுன்னு ரெண்டையும் எழுதுங்க. நம்ம உதாரணத்துல பாசன அமைப்ப வடிவமைக்கிறவர் விலை கூடின சென்சாருக்கு மாறுறதுக்கு முன்னாடி ஒரு வெப்பநிலைமானிய சேத்துப் பாக்கலாம். அவ்வளவுதான் முக்கியத்துவம், அது போதும்.

### ரெண்டாவது காரணம்: முக்கியத்துவம் ரிசல்ட்ட விட பெருசு

"பாசன நீர் வீணாவதை இத்திருத்தம் தடுக்கும்." ஆய்வுல நீர் எவ்வளவு மிச்சமாச்சுன்னு அளக்கவே இல்லையே, சென்சார் பிழையதான் அளந்தீங்க. சோதனை சுலபம்: மு வாக்கியத்துல இருக்குற பெயர்ச்சொல் ஒவ்வொன்னும் ரி வாக்கியத்துலயோ மெ வாக்கியத்துலயோ இருக்கா? நீர் மிச்சம்ங்கிற சொல் மேல எங்கயும் இல்லன்னா, அது வானத்துல இருந்து குதிச்சது. எந்த மண்ணு, எந்த வெப்பநிலைன்னு எல்லைய சேத்து எழுதுங்க.

### மூணாவது காரணம்: முதல் வாக்கியமும் கடைசி வாக்கியமும் வேற வேற பிரச்சனைய பேசுது

பி வரியையும் மு வரியையும் அடுத்தடுத்து வச்சு படிங்க. முதல்ல தப்பான நேரத்துல நீர் திறக்குதுன்னு ஆரம்பிச்சுட்டு கடைசில சென்சார் உற்பத்தி தரம்னு முடிச்சா, எழுதிக்கிட்டே இருக்கும்போது கேள்வி நகர்ந்துடுச்சுன்னு அர்த்தம். முதல் வரிய மாத்துங்க, கடைசிய மாத்தாதீங்க. ரிசல்ட் எந்தக் கேள்விக்கு பதில் சொல்லுதோ அதுதான் உங்க பிரச்சனை.

மூணு அறிகுறியும் சரி பண்ணதுக்கு அப்புறம் உதாரண அப்ஸ்ட்ராக்ட் இப்படி வரும்:

> விலை குறைந்த மண் ஈரப்பத சென்சார்களின் அளவீடு மண்ணின் வெப்பநிலையோடு சேர்ந்து மாறுகிறது. இதனால் மண்ணின் ஈரம் மாறாதபோதும் தானியங்கிப் பாசன அமைப்புகள் தவறான நேரத்தில் நீரைத் திறக்கின்றன. ஓர் எளிய வெப்பநிலைத் திருத்தம் இந்தப் பிழையை எவ்வளவு குறைக்கும் என்று சோதித்தோம். ஒரே வகையைச் சேர்ந்த 12 சென்சார்களை வண்டல் மண் நிரப்பிய மூடிய தொட்டிகளில் பதித்து, 5 ஈரப்பத நிலைகளில், 10 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரை அளந்தோம். மண்ணை 105 டிகிரியில் 24 மணி நேரம் உலர்த்தி எடையிட்டுப் பெற்ற ஈரப்பதத்தோடு ஒப்பிட்டோம். ஒவ்வொரு சென்சாருக்கும் ஒரு நேர்கோட்டுத் திருத்தத்தைப் பாதி அளவீடுகளில் கணித்து, மீதிப் பாதியில் சோதித்தோம். சோதனைப் பாதியில் சராசரிப் பிழை 6.1 சதவீதப் புள்ளியிலிருந்து 2.3 சதவீதப் புள்ளியாகக் குறைந்தது. 10 சென்சார்களில் பிழை குறைந்தது. 2 சென்சார்களில் மாற்றமில்லை. 35 டிகிரிக்கு மேல் திருத்தம் பலனளிக்கவில்லை. வண்டல் மண்ணில், 35 டிகிரிக்கு உட்பட்ட பாசன அமைப்புகளை வடிவமைப்போர், விலை உயர்ந்த சென்சாருக்கு மாறும் முன் ஒரு வெப்பநிலைமானியைச் சேர்த்து இத்திருத்தத்தை முயலலாம்.

200-க்கு ரொம்ப கீழயே முடிஞ்சிடுச்சு. மீதி இடம் இருக்கேன்னு பின்னணிய திரும்ப சேக்காதீங்க. சேக்கணும்னா ரிசல்ட்ல சேருங்க, அந்த 2 சென்சார்ல ஏன் மாறலன்னு ஒரு வரி தெரிஞ்சா அத போடலாம்.

இங்க யார கூப்பிடணும்: யாருக்கு என்ன மாறும்ங்கிற கேள்விக்கு உங்களுக்கே பதில் வரலன்னா, அந்தத் துறைல களத்துல வேலை பாக்குற ஒருத்தர்கிட்ட ரி வரிகள காட்டி, இது தெரிஞ்சா நீங்க என்ன மாத்துவீங்கன்னு கேளுங்க. அவரும் எதையும் மாத்த மாட்டேன்னு சொன்னா கைடுகிட்ட பேசுங்க, கேள்விய தேர்ந்தெடுத்ததுலயே சிக்கல் இருக்கலாம். மொழி எடிட்டர்கிட்ட இத கொண்டு போகாதீங்க, வாக்கியம் அழகாகும், கேள்வி அப்படியே நிக்கும்.

## அறிகுறி 4: அப்ஸ்ட்ராக்ட்ல ஒரு நம்பர், பேப்பருக்குள்ள வேற நம்பர்

இது சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனா ரொம்ப பரவலா நடக்குது. 1999-ல ஜாமா இதழ்ல வந்த ஒரு ஆய்வு ஆறு பெரிய மருத்துவ இதழ்கள எடுத்து பாத்துச்சு, பேப்பரோட ஒத்துப்போகாத, இல்ல பேப்பர்லயே இல்லாத தகவல் இருந்த அப்ஸ்ட்ராக்ட்கள் இதழுக்கு இதழ் 18-ல இருந்து 68 சதவீதம் வரைக்கும் இருந்துச்சு. அவ்வளவு கவனமா எடிட் பண்ற இடத்துலயே இந்த நிலைமை.

காரணம் பெரும்பாலும் வரிசைதான். அப்ஸ்ட்ராக்ட்ட முதல்ல எழுதிட்டு, அப்புறம் ரெண்டு ரீடிங்க நீக்கி கணக்க திரும்ப ஓட்டியிருப்பீங்க, அட்டவணை மாறியிருக்கும், அப்ஸ்ட்ராக்ட் மாறியிருக்காது. இல்லன்னா அட்டவணைல 2.34-ன்னும் இங்க 2.4-ன்னும் முழுமையாக்குனதுல தப்பு வந்திருக்கும்.

சரி பண்றது: அப்ஸ்ட்ராக்ட்ட அச்செடுத்து ஒவ்வொரு நம்பரையும் வட்டம் போடுங்க, பக்கத்துல அது எந்த அட்டவணை, எந்த வரின்னு பேனால எழுதுங்க. எடம் எழுத முடியாத நம்பர் இருந்தா அது பேப்பர்லயே இல்ல, ஒன்னு உள்ள சேருங்க இல்ல இங்க எடுங்க. சப்மிட் பண்ற அன்னிக்கு இத கடைசி வேலையா வச்சுக்கோங்க, ஃபார்ம்ல ஒட்டுன டெக்ஸ்டையும் சேத்து பாருங்க, ஏன்னா ஃபார்ம்ல பழைய வெர்ஷன் இருந்துட்டு பிடிஎஃப்ல புதுசு இருக்குறது சகஜம். டிகிரி குறி, மைனஸ் குறி எல்லாம் ஒட்டும்போது காணாம போகும், அதையும் கண்ணால பாத்துடுங்க.

இங்க யார கூப்பிடணும்: சப்மிட் பண்ணதுக்கு அப்புறம்தான் பாத்தீங்கன்னா, உடனே ஜர்னல் எடிட்டர் அலுவலகத்துக்கு பேப்பர் எண்ணோட, தப்பான வாக்கியம் சரியான வாக்கியம் ரெண்டையும் போட்டு எழுதுங்க. ரிவ்யூல இருக்குறப்பவே சொன்னா அடுத்த திருத்தத்துல மாத்திக்கச் சொல்லுவாங்க. அச்சாயிடுச்சுன்னா திருத்த அறிவிப்பு போட வேண்டி வரும், அதுக்கு எல்லா ஆசிரியர்களும் ஒப்புக்கணும், அதனால எடிட்டருக்கு எழுதுறதுக்கு முன்னாடி அவங்களுக்கு சொல்லிடுங்க.